லேகியம் மருந்துதான், அதில் பாதிக்கு மேல் சீனி

எடப்பாடி கடைத்தெருவில் உள்ள நாட்டு மருந்துக் கடைக்குப் போய் "பிரசவ லேகியத்துக்குச் சாமான் கட்டுங்க" என்று சொன்னால் போதும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், வால்மிளகு, சித்தரத்தை என்று ஒவ்வொன்றாக நிறுத்துக் காகிதத்தில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர் கிராம் கணக்கில் கவனமாக நிறுப்பது இந்த மருந்துச் சரக்கை மட்டும்தான். வெல்லத்தை நாம் மளிகைக் கடையில் வாங்குகிறோம், நெய் வீட்டில் இருக்கிறது, தேனை யாராவது கொடுத்திருப்பார்கள். அதனால் லேகியம் என்றதும் நம் நினைவில் நிற்பது அந்தக் காகிதப் பொட்டலம். சட்டியில் மிக அதிகமாக விழுந்த பொருள் வெல்லம் என்பது கணக்கிலேயே வருவதில்லை.

இதன் விளைவை மருத்துவமனையில் பார்க்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியம்மாவிடம் மருத்துவர், "இனிப்பு ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்கிறார். "இல்லைங்க டாக்டர், டீக்குக் கூட சீனி போடறதில்லைங்க" என்று பதில் வருகிறது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி, இரவு படுக்கும்போது ஒரு கரண்டி என்று சாப்பிடும் லேகியம் அவருக்கு இனிப்பு அல்ல, மருந்து. ஆகவே அதைச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. இரத்தச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் மாத்திரையின் அளவு கூட்டப்படுகிறது.

லேகியத்தைக் கைவிடச் சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. நம் வீட்டுச் சட்டியில் எவ்வளவு சீனி விழுகிறது, அது ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது, நம் வீட்டில் யார் யார் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சீனி இல்லாமல் லேகியம் ஏன் நிற்காது?

லேகியம் என்ற சொல்லுக்கு நக்கி உண்பது என்று பொருள். யூனானியில் இதே வகை மருந்தை மஃஜூன் என்கிறார்கள். அது பிசைந்தது என்ற பொருளுள்ள அரபுச் சொல். இரண்டின் செய்முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். மருந்துச் சரக்கை இடித்துச் சலித்த பொடியைச் சீனி, வெல்லம் அல்லது தேன் பாகில் கலந்து, நெய்யோ எண்ணெயோ சேர்த்துக் கிளறி எடுப்பார்கள்.

யூனானி மருந்தாளர்கள் மஃஜூனுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு, பொடி ஒரு பங்கு என்றால் சீனியோ தேனோ மூன்று பங்கு. நெல்லி, கடுக்காய், தான்றிக்காய் சேர்ந்த இத்ரீஃபலும் இந்த வழியில் வருவதுதான். (நம்மூர் திரிபலா என்ற பெயரே அரபு, பாரசீக நாவில் இத்ரீஃபல் ஆனது.) சியவனப்பிராசத்துக்கான சரக சம்ஹிதைக் கணக்கில் 500 நெல்லிக்காய்க்கு 50 பலம் கற்கண்டு வகைச் சீனி. இன்றைய மருந்து நூல்கள் ஒரு பலத்தை 48 கிராம் என்று கொள்வதால் அது 2 கிலோ 400 கிராம் ஆகிறது. அதற்கு மேல் தேன் தனி. ஆக, இப்போதைய கம்பெனிகள் வந்துதான் லேகியத்தில் சீனியைக் கொட்டின என்று சொல்ல முடியாது. ஆதியிலேயே அது இனிப்புப் பண்டத்தின் உடம்பில் ஏற்றி வைத்த மருந்துதான்.

கசப்பை மறைப்பதற்காக மட்டும் இப்படிச் செய்யவில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஒருமுறை கிண்டிய மருந்து மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். பூஞ்சையும் கிருமியும் வளர அவற்றுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும். பாகு நன்றாக இறுகும்போது உள்ளே இருக்கும் கொஞ்சத் தண்ணீரையும் சீனி பிடித்து வைத்துக்கொள்கிறது, கிருமிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு எடப்பாடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடந்து போகும் அக்கம்பக்கத்தார் மலையிலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்து ஊருக்குக் கொண்டுவருவார்கள். வாழைப்பழம் வெளியே வைத்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். சர்க்கரையும் கற்கண்டும் பேரீச்சம்பழமும் தேனும் சேர்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பிசைந்த அதே பழம் பல நாள் நிற்கிறது. லேகியம் நிற்பதும் இப்படித்தான்.

இதிலிருந்து ஒரு செய்தி கிடைக்கிறது. "சீனியைப் பாதியாகக் குறைத்துக் கிண்டிவிடலாமே" என்று சிலர் முயல்வதுண்டு. குறைக்கலாம், ஆனால் அது பழைய லேகியம் போல அலமாரியில் நிற்காது. சில நாளில் மேலே சிறு குமிழிகள் வரும், புளித்த வாடை அடிக்கும், பாட்டில் ஓரத்தில் வெள்ளையோ பச்சையோ படரும். பூஞ்சையை வழித்துவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடக் கூடாது, முழுவதையும் கொட்டிவிட வேண்டும். சீனி குறைத்துச் செய்வதானால் சிறு அளவில் கிண்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டி போட்டு, ஓரிரு வாரத்தில் முடித்துவிட வேண்டும். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் உண்டு. நன்றாகச் செய்த லேகியத்திலும் சில சமயம் சீனி பூத்து மணல் போல நறநறக்கும். அது பாகு முறுகியதால் வருவது, கெட்டுப்போனதாக ஆகாது.

ஒரு சட்டி லேகியத்தின் கணக்கு

இப்போது நம் பக்கத்து வீடுகளில் கிண்டும் ஒரு பிரசவ லேகியத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு அளவு மாறும். இது நடுத்தரமான ஒன்று.

மருந்துச் சரக்கெல்லாம் வறுத்து இடித்துச் சலித்த பொடி 250 கிராம். வெல்லம் முக்கால் கிலோ. நெய் 150 கிராம், நல்லெண்ணெய் 50 கிராம். அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகு தேன் 100 கிராம். வெல்லத்தை முதலில் தண்ணீரில் கரைத்து வடிகட்டுவார்கள், மண்ணும் கரும்புத் தூசியும் போக வேண்டும். பிறகு கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சி, பொடியைத் தூவிக் கட்டி விழாமல் கிளறி, நெய்யையும் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். சட்டியில் ஒட்டாமல் திரண்டு, ஓரத்தில் நெய் பிரிந்து வந்தால் பதம். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும். விரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும்.

கரைத்த தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகிப் போவதால், கடைசியில் சட்டியில் மிஞ்சுவது ஏறத்தாழ 1350 கிராம் லேகியம். நல்ல வெல்லத்தில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரைச் சத்து என்று வைத்தால், முக்கால் கிலோவில் 640 கிராம். தேனில் நூற்றுக்கு 80 பங்கு, ஆகவே 80 கிராம். இரண்டும் சேர்ந்து 720 கிராம். 1350-க்கு 720 என்றால் நூற்றுக்கு 53. அதாவது 10 கிராம் லேகியத்தை வாயில் போட்டால் அதில் 5 கிராமுக்குச் சற்று மேல் சீனி, ஒரு தேக்கரண்டி சீனி. மருந்துப் பொடி அதில் 2 கிராம் கூட இல்லை.

இங்கே வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சேலம், நாமக்கல் பக்கம் கரும்பும் வெல்ல ஆலையும் நிறைந்த பூமி. வெல்லம் நல்லது, அஸ்காதான் கெடுதல் என்ற பேச்சும் நம்மிடம் நிறைய உண்டு. வெல்லத்தில் கொஞ்சம் இரும்பும் தாது உப்பும் இருப்பது உண்மைதான். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, வெல்லமும் அடிப்படையில் கரும்புச் சீனியேதான். அதோடு இந்த வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் வெல்ல ஆலைகளில் சோதனை போட்டு, கலப்படத்துக்காக வைத்திருந்த வெள்ளைச் சீனி மூட்டைகளைப் பிடித்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. அச்சுப் பளபளவென்று வெளிர் மஞ்சளாக இருக்கிறதே என்று வாங்கும் வெல்லம், பாதி அஸ்காவாகவே கூட இருக்கலாம். கருப்பட்டி போட்டாலும் கணக்கு இதை ஒட்டித்தான் வரும்.

கொட்டைப்பாக்கு எலுமிச்சை ஆன கதை

பழைய வைத்தியர்கள் லேகியத்தை கரண்டியால் அளக்கவில்லை. சுண்டைக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு, நெல்லிக்காய் அளவு என்று காய்களால் அளந்தார்கள். எல்லோரும் அறிந்த அளவு, படிக்காதவருக்கும் புரியும். கொட்டைப்பாக்கு அளவு லேகியம் ஏறத்தாழ 7 கிராம் வரும். மேலே சொன்ன சட்டியிலிருந்து 7 கிராம் எடுத்தால் அதில் மருந்துப் பொடி 1 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். இதே சரக்குகளைச் சூரணமாகக் கொடுத்தால் ஒரு வேளைக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரைதான் கொடுப்பார்கள். அந்தக் கொட்டைப்பாக்கு ஏதோ குத்துமதிப்பாகச் சொன்னதல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

பிள்ளை பெற்ற வீட்டில் நடப்பது வேறு. "சாப்பிடும்மா, அப்பத்தான் பால் ஊறும், இடுப்புக்குப் பலம்" என்று நன்னிமா எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி வாயில் வைப்பார். அது 35 கிராம். காலையும் இரவும் என்றால் 70 கிராம், அதில் 37 கிராம் சீனி, ஏழு தேக்கரண்டிக்கு மேல். நாற்பது நாளில் ஒன்றரைக் கிலோ சீனி லேகியத்தின் வழியாக மட்டும் உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர் ஒருவருக்குச் சேர்க்கப்பட்ட சீனி நாளுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. தேனும் அந்தக் கணக்கில் அடக்கம். டீ, பிஸ்கட், பூந்தி, பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் இனிப்பு எதையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். எலுமிச்சை அளவு இரண்டு உருண்டையில் மருந்துப் பொடியும் 13 கிராம் போகிறது. சுக்கும் மிளகும் திப்பிலியும் அவ்வளவு போனால் நெஞ்செரிச்சலும் வயிற்று எரிச்சலும் வருவதில் என்ன ஆச்சரியம்? "லேகியம் சூடு, ஒத்துக்கலை" என்று பல பெண்கள் சொல்வது பெரும்பாலும் அளவின் கோளாறுதான்.

யார் அளவு பார்க்க வேண்டும்?

முதலில் அந்தப் பிள்ளை பெற்ற பெண்ணையே பார்ப்போம். கர்ப்ப காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்திருப்பார்கள். அந்த அளவு 140-ஐத் தொட்டிருந்தால் கர்ப்ப கால சர்க்கரை என்று சொல்லியிருப்பார்கள். பிள்ளை பிறந்ததும் பெரும்பாலோருக்கு அது இறங்கிவிடுகிறது. வீட்டாரும் அத்தோடு அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் இப்படி ஒருமுறை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிரசவமாகி ஆறு வாரத்தில் அதே குளுக்கோஸ் தண்ணீர்ப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்வது இதற்காகத்தான். அந்த ஆறு வாரமும் நம் லேகிய நாற்பதும் ஒரே காலம் என்பதைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட பெண்ணுக்கு எலுமிச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். மருந்து வேண்டும் என்று வீட்டாருக்குத் தோன்றினால், அதே சரக்கைப் பாகில் போடாமல் பொடியாகவே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்டு அவர் சொல்லும் அளவில் வெந்நீரில் கொடுக்கலாம், குழம்பிலோ ரசத்திலோ சேர்க்கலாம். பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் செய்யும் வேலைக்கு வெல்லம் தேவையில்லை.

அடுத்தது, அதே பாட்டிலில் கைவைக்கும் பெரியவர்கள். லேகியம் கிண்டினால் பிள்ளை பெற்றவள் மட்டும் சாப்பிடுவதில்லை. அத்தாவுக்கு ஒரு உருண்டை, தறிப் பட்டறையிலிருந்து வருகிற மாமாவுக்கு ஒரு உருண்டை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவி நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நூறு பெரியவர்களில் பதினொருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆகவே நம் வீட்டிலும் யாராவது ஒருவர் இருப்பார் என்று வைத்துக்கொண்டே பேசலாம்.

சர்க்கரை உள்ளவர் லேகியத்தைத் தொடவே கூடாதா என்று கேட்டால், கொட்டைப்பாக்கு அளவு ஒரு வேளை என்பது 4 கிராமுக்குக் குறைவான சீனி. மருத்துவர் ஒப்புக்கொண்டால் அதைச் சமாளிக்கலாம், அன்றைய டீயிலோ வேறெதிலோ அந்தச் சீனியைக் கழித்துக்கொள்ள வேண்டும். குழிக்கரண்டி நிறைய வழித்து நக்குவதைச் சமாளிக்க முடியாது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நாமே பார்த்துவிடலாம். ஒரு நாள் லேகியம் இல்லாமல் வழக்கமான இட்லி, சட்னி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். மறுநாள் அதே எண்ணிக்கை இட்லியோடு நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அளவு லேகியத்தையும் சாப்பிட்டுவிட்டு அதே நேரத்தில் பாருங்கள். ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாமல், இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். அந்த எண்களை எழுதி மருத்துவரிடம் காட்டினால் பேச்சு எளிதாகிவிடும்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும் பரிசோதனைக்குப் போகிறவர்கள், டீ கூடக் குடிக்காமல் போவார்கள், ஆனால் வழக்கப்படி லேகியத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அது வெறும் வயிறு ஆகாது. அந்த அறிக்கையை வைத்து மாத்திரை எழுதினால் அளவு தவறிப் போகும்.

ஈரலில் கொழுப்பு, இரத்தத்தில் டிரைகிளிசரைடு அதிகம் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். அவர்களுக்குச் சீனியோடு நெய்யும் சேர்ந்து கணக்காகிறது.

ரமலானில் இன்னொரு பழக்கம் பார்க்கிறோம். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், ரோஸ் சர்பத், இனிப்பு வடை எல்லாம் ஆன பிறகு, பகலெல்லாம் பலவீனமாகிவிட்டது என்று ஒரு கரண்டி சியவனப்பிராசமோ மஃஜூனோ சாப்பிடுவார்கள். சர்க்கரை உள்ளவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாளிலேயே சீனி மிகவும் குவியும் நேரம். லேகியம் அவசியம் என்றால் இரவு உணவுக்குப் பின் சிறு அளவாக வைத்துக்கொள்ளலாம், சர்பத்தை அன்று விட்டுவிடலாம்.

தேன், குழந்தைகள், "சீனி இல்லாத" லேகியம்

"தேனில் ஷிஃபா இருக்கிறது, தேன் போட்டுச் செய்தால் சர்க்கரைக்காரருக்கும் ஆகும்தானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தேனில் நிவாரணம் உண்டு என்று திருக்குர்ஆன் கூறுவதை நாம் அனைவரும் ஏற்கிறோம். எந்த நோயாளிக்கு எவ்வளவு என்பது வைத்தியம் சம்பந்தப்பட்ட கேள்வி. தேனில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். பேரீச்சம்பழ விழுதில் செய்ததும் அப்படியே. காய்ந்த பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைச் சத்துதான்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனோ தேன் சேர்ந்த லேகியமோ நாக்கில் தடவுவது கூடவே கூடாது. இதற்குக் காரணம் சீனி அல்ல. தேனில் சில சமயம் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கிக்கொள்ளும், பச்சைக் குழந்தையின் குடலில் அது வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். குழந்தை மலச்சிக்கலில் தொடங்கி, பால் இழுக்கத் தெம்பில்லாமல், தலை நிற்காமல் துவண்டு போகும். அப்படித் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சியவனப்பிராசம் கொடுக்கும் வீடுகளில், சுவை பிடித்துப்போய் ரொட்டிக்கு ஜாம் போலத் தடவித் தின்பதைப் பார்க்கிறோம். அவர்களுக்கு ஒரு சிறு கரண்டி போதும். இரவு பல் தேய்த்த பிறகு கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். பல்லின் இடுக்கில் விடியும்வரை ஒட்டியிருக்கும் பாகைப் போலச் சொத்தைக்கு வசதியானது வேறில்லை.

கடையில் வாங்குகிறவர்கள் பாட்டிலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். லேகியம் இந்தியாவில் மருந்தாகப் பதிவு செய்யப்படுவதால், பிஸ்கட் பொட்டலத்தில் இருப்பது போல சீனி எத்தனை கிராம் என்ற சத்து அட்டவணை அதில் பெரும்பாலும் இருக்காது. சரக்குகளின் பெயரும் அளவும் இருக்கும், கடைசியில் சீனி அல்லது வெல்லம் 'போதுமான அளவு' என்று முடித்திருப்பார்கள். ஆங்கில லேபிளில் அது q.s. என்ற இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்துக்குள்தான் பாதி பாட்டில் இருக்கிறது. 10 கிராமில் என்னென்ன சரக்கு எத்தனை கிராம் என்று போட்டிருந்தால் அவற்றைக் கூட்டிப் பத்திலிருந்து கழியுங்கள். மீதி பெரும்பாலும் சீனியும் நெய்யும்தான். நெல்லியைப் பச்சைக் காயாகக் கணக்கிட்டிருந்தால் மீதி இன்னும் கூடும். துல்லியமாக வராது, ஆனால் ஒரு மதிப்பு கிடைக்கும்.

'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் கம்பெனிச் சரக்கில் பொதுவாகச் சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அவை இரத்தச் சர்க்கரையைச் சீனி அளவுக்கு ஏற்றாது, ஆனால் அறவே ஏற்றாது என்றும் இல்லை. அளவு மீறினால் வயிறு உப்பிப் பேதியாகும். வாட்ஸ்அப்பில் விற்கும் வீட்டுத் தயாரிப்பு 'சர்க்கரை இல்லாதது' என்றால், வெள்ளைச் சீனிக்குப் பதில் எதைப் போட்டார்கள் என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் வெல்லம், கருப்பட்டி, தேன் என்றுதான் சொல்வார்கள் என்பது நம் எண்ணம்.

சர்க்கரை நோயையே குணப்படுத்தும் லேகியம் என்று விளம்பரம் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டம், சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடை செய்திருக்கிறது. அப்படி ஒரு பாட்டில் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாமல், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பாட்டிலையே கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.